பூட்டறைக்கு வெளியே போகும் நேரம்: தேர்வுத் துறை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வினாத்தாள் கொண்டுசெல்லும் வழித்தடங்களை இணைத்து நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் பற்றித்தான் இந்த மடல். நான்கு மையங்களுக்கு ஒரு வண்டி என்று இருந்ததை ஏழு மையங்களுக்கு ஒரு வண்டி என்று மாற்றினீர்கள். சிக்கனம்தான் காரணம் என்று அதிலேயே எழுதியிருந்தது. நடந்து முடிந்த பொதுத்தேர்வில் அப்படி இணைத்த ஒரு வழித்தடத்தின் முதல் மையத்தில் நான் துறை அலுவலராக இருந்தேன். அதே வழித்தடத்தின் ஏழாவது மையத்தில் முதன்மைக் கண்காணிப்பாளராக இருந்த தலைமை ஆசிரியைக்கு இப்போது உங்கள் அலுவலகத்திலிருந்து குறிப்பாணை வந்திருக்கிறது. கட்டுகளைப் பெற்றுக்கொண்ட நேரத்தில் ஏன் சரிபார்க்கவில்லை என்று கேட்டு, அவருடைய பணிப்பதிவேட்டில் ஏறும் அளவுக்கு அதை எழுதியிருக்கிறீர்கள். இதைப் பார்த்துவிட்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வினாத்தாள் பூட்டறைக்குள் போய்ச் சேரும் வரைக்கும் உங்கள் ஏற்பாட்டில் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஒரு பாடத்துக்குப் பலரிடம் தனித்தனியாக வினாத்தாள் எழுதி வாங்குகிறீர்கள், ஒருவர் எழுதுவது இன்னொருவருக்குத் தெரியாது. முத்திரையிட்ட உறையில் வந்தவற்றை வேறு ஆட்கள் சரிபார்க்கிறார்கள், அதிலிருந்து ஒன்று தேர்வாகிறது. தான் எழுதியதுதான் அச்சுக்குப் போனது என்பது எழுதியவருக்கே தேர்வு நாளில்தான் தெரியும். ரகசிய அச்சகத்திலேயே எண்ணி, பாடம், தேதி, பயிற்று மொழி அச்சிட்ட உறைகளில் இருபது இருபதாகப் போட்டு ஒட்டி, கட்டுகளாக வருகின்றன. தேர்வு நாள் வரை கட்டுகளைப் பூட்டி வைக்கும் கட்டுக்காப்பு மையத்திலும் அப்படித்தான். சன்னல்கள் அடைத்த அறை, இரட்டைப் பூட்டு, இரண்டு சாவி இரண்டு பேரிடம், கதவின் மேல் கையெழுத்திட்ட தாள் ஒட்டி அதன்மேல் அரக்கு, வெளியே காவலர், கேமரா, உள்ளே போய் வருபவர் எல்லோருக்கும் பதிவேடு. அந்த அறைக்குள் தனியாக ஒருவர் போகவே முடியாது. உங்கள் கெடுபிடி எல்லாம் நியாயமானது.

ஆனால் இந்தக் கெடுபிடி எல்லாம் தேர்வு நாள் காலையில் அந்தக் கதவைத் திறந்ததும் முடிந்துபோகிறது. அங்கிருந்து அறைக் கண்காணிப்பாளர் மாணவர்கள் முன்னால் உறையைக் கிழிக்கும் வரை, வினாத்தாள் இருப்பது ஒரு வாடகை வண்டியிலும் ஒரு பள்ளியின் அலுவலக அறையிலும்தான். அந்த நேரத்தைக் குறைக்க வேண்டியது தேர்வுத் துறையின் வேலை. உங்கள் சுற்றறிக்கை அதை இரட்டிப்பாக்கிவிட்டது. கணக்கு சொல்கிறேன்.

எங்கள் வழித்தடத்தில் ஒரு மையத்திலிருந்து அடுத்த மையத்துக்குப் போகச் சராசரியாகக் கால் மணி நேரம். போன இடத்தில் முதன்மைக் கண்காணிப்பாளரும் துறை அலுவலரும் வந்து, உறைகளின் மேல் இருக்கும் பாடம், தேதி, மொழி, எண்ணிக்கை எல்லாவற்றையும் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒட்டிய விளிம்புகளைப் பார்த்து, நேரம் எழுதிக் கையெழுத்துப் போடப் பத்து நிமிடம். ஆக மையத்துக்கு 25 நிமிடம். தேர்வு 10 மணிக்கு. முன்பு வண்டி 8 மணிக்குக் கிளம்பியது, முதல் மையத்துக்கு 8.15, கடைசியான நான்காவது மையத்துக்கு 9.30. இப்போது மூன்று மையங்கள் கூடியதால் 75 நிமிடம் முன்னதாக, 6.45-க்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. முதல் மையமான எங்களுக்கு 7 மணிக்கே கட்டு வந்துவிடுகிறது. உறைகளை அறைவாரியாகப் பிரித்துக் கொடுக்க எடுப்பது 9.45-க்கு. முன்பு வாங்கி வைத்ததிலிருந்து எடுக்கும் வரை ஒன்றே கால் மணி நேரம் போல இருந்தது, இப்போது இரண்டரை மணி நேரத்துக்கு மேல். இதுவும் வண்டி எங்கும் நிற்காமல், கதவு அடைத்த ரயில் பாதையில் மாட்டாமல் போனால்.

அந்த இரண்டரை மணி நேரம் வினாத்தாள் எங்கே இருக்கிறது தெரியுமா? தலைமை ஆசிரியர் அறையில், மாற்றுச் சான்றிதழ் புத்தகங்களும் வருகைப் பதிவேடுகளும் வைக்கும் இரும்பு பீரோவில். மேல் தட்டைக் காலி செய்து அதில் வைக்கிறோம். ஒரே பூட்டு, ஒரே சாவி. அந்தப் பூட்டுக்கு மாற்றுச் சாவி உண்டா, இருந்தால் யாரிடம் இருக்கிறது என்று அந்தப் பள்ளியில் பல வருடமாக இருப்பவர்களுக்கே உறுதியாகத் தெரியவில்லை. அறைக்கு இரண்டு கதவு. பின்கதவு கழிப்பறைப் பக்கம் திறக்கும், அதற்குத் தாழ்ப்பாள் மட்டும்தான். வழித்தட அலுவலரோடு வந்த காவலர் வண்டியோடு அடுத்த மையத்துக்குப் போய்விடுவார். மையத்துக்கான காவலர் எட்டரைக்கு மேல்தான் வருவார், அவருக்கு வந்திருக்கும் உத்தரவு அப்படி. ஏழு மணியிலிருந்து எட்டரை வரை காவல் நான்தான். முதன்மைக் கண்காணிப்பாளர் தேர்வு அறைகளைப் பார்க்க, இருக்கை எண் ஒட்டியது சரியா என்று பார்க்கப் போய்விடுவார், போகத்தான் வேண்டும். நான் பீரோவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். துப்புரவுப் பணியாளர் வருவார், தண்ணீர் வைக்க ஒருவர் வருவார், அறைக் கண்காணிப்பாளர்கள் கையெழுத்துப் போட வருவார்கள். இவர்களில் யாரையும் நான் சந்தேகப்படவில்லை. ஆனால் கட்டுக்காப்பு மையத்தில் கல்வி அதிகாரியே பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் உள்ளே போக முடியாது என்று வைத்திருக்கும் நீங்கள், அதே தாளை அதே நாளில் இந்த அறையில் விட்டுப் போகிறீர்கள்.

இதெல்லாம் வெறும் பயம் என்று நினைக்க வேண்டாம். 2024 மே 5 நீட் தேர்வில் ஜார்க்கண்டின் ஹசாரிபாக்கில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வங்கிப் பெட்டகத்தை யாரும் உடைக்கவில்லை. வினாத்தாள் பெட்டிகள் முறைப்படி காலையில் தேர்வு மையத்துக்கு வந்து சேர்ந்தன, தேர்வோ பிற்பகல் 2 மணிக்கு. அந்த இடைவெளியில்தான், பெட்டிகள் வைத்திருந்த அறைக்குள் ஓர் ஆளை உள்ளிருந்தவர்களே விட்டு, அவர் கருவிகளைக் கொண்டு பெட்டியைத் திறந்து, தாளைப் படம் எடுத்துக்கொண்டு, மறுபடி இருந்தபடியே வைத்துவிட்டார் என்று மத்தியப் புலனாய்வுத் துறை கண்டறிந்தது. 2024 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம் தன் விரிவான தீர்ப்பில், அந்த மையத்தில் காப்பறையின் பின்கதவு திறக்கப்பட்டதையும், நீட் வினாத்தாள்கள் மின் ரிக்‌ஷாவில் கொண்டுபோகப்பட்டதையும் குறைகளாகவே எழுதியிருக்கிறது. பின்கதவு என்று அதில் படித்தபோது எனக்கு எங்கள் அறையின் தாழ்ப்பாள்தான் ஞாபகம் வந்தது. படம் எடுக்கச் சில நிமிடம் போதும், விடை எழுதி யாருக்காவது சேர்க்கத்தான் நேரம் வேண்டும். தாள் மையத்துக்கு வந்து ஒரு மணி நேரத்தில் தேர்வு ஆரம்பித்துவிட்டால், ஒருவர் படமே எடுத்தாலும் அதை வைத்து அவர் செய்யக்கூடியது குறைவு. இரண்டரை மணி நேரம் கொடுத்தால் ஒரு பாட வினாத்தாளுக்கு முழு விடையும் எழுதி அனுப்பிவிடலாம். எந்தப் பூட்டை விடவும் நேரம்தான் இங்கே பெரிய காவல்.

சரி, இது முதல் மையத்தின் கதை. வழித்தடத்தின் மறுமுனையில் பிரச்சினை தலைகீழ். அங்கே வினாத்தாளை வைத்திருக்க நேரமே இல்லை. குறிப்பாணை வந்தது அங்கேதான், அதனால் அன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் பேசியிருக்கிறேன், பதிவேட்டில் இருக்கும் நேரங்களையும் பார்த்திருக்கிறேன்.

வண்டி 6.45-க்குக் கிளம்ப வேண்டும் என்பதால் கட்டுக்காப்பு மையத்தின் கதவை 6 மணிக்குத் திறந்தார்கள். அடுக்கிலிருந்து அன்றைய பாடத்தின் உறைகளை எடுத்து, தரையில் மையத்துக்கு ஒரு குவியலாக வைத்து, ஒருவர் பட்டியலை வாசிக்க ஒருவர் எடுத்துவைக்க வேண்டும். அப்புறம் இன்னொரு ஜோடி அதையே மறுபடி பார்க்க வேண்டும். நான்கு குவியல் இருந்தபோது அந்த இரண்டாவது பார்வை நடந்தது. இப்போது ஒரு வண்டிக்கு ஏழு குவியல், ஆனால் பிரிக்க அதே ஆட்கள்தான், கிளம்பும் நேரமோ பறக்கிறது. ஏழாவது மையத்தின் குவியலில் ஓர் உறை மாறிப்போனது. பாடம் சரி, தேதி சரி, எண்ணிக்கை இருபது சரி, பயிற்று மொழி மட்டும் வேறு. உறையின் நிறம் ஒன்று, எழுத்தின் அளவு ஒன்று, மொழியைக் குறிப்பது கீழ் மூலையில் இருக்கும் ஒரே ஒரு சிறு எழுத்துக் குறியீடு.

நான்காவது மையத்துக்குப் போகும் வழியில் ரயில்வே கதவு அடைத்திருந்தது. ஏழாவது மையத்துக்கு வண்டி போனது 9.42-க்கு. பத்து மணிக்கு மாணவர்கள் கையில் தாள் இருக்க வேண்டும், அதற்குள் உறைகள் அறைகளுக்குப் போக வேண்டும். அந்தத் தலைமை ஆசிரியை பாடத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், உறைகளை எண்ணினார், கையெழுத்துப் போட்டார். பத்து நிமிட வேலையை மூன்று நிமிடத்தில் செய்ய வேண்டியிருந்தது. அறைக் கண்காணிப்பாளர் அறைக்குள் போய், விதிப்படி இரண்டு மாணவர்களிடம் உறை பிரிக்கப்படாமல் இருக்கிறது என்று கையெழுத்து வாங்கும்போது, கையெழுத்துப் போட்ட மாணவிதான் ஓரத்தில் இருந்த குறியீட்டைப் பார்த்துவிட்டு, "இது எங்க மீடியம் இல்லையே சார்" என்று சொன்னாள். உறையைக் கிழிப்பதற்கு முன்பே தெரிந்தது பெரிய நிம்மதி. சரியான உறை கட்டுக்காப்பு மையத்தின் அடுக்கிலேயே இருந்தது. ஆனால் அந்தக் கதவைத் திறக்க இரண்டு சாவி வேண்டும், வண்டிகளை அனுப்பி, கதவுக்கு மறுபடி அரக்கு வைத்தபின் ஒரு சாவிக்காரர் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார். அவர் திரும்பி வந்து, கதவைத் திறந்து, பதிவேட்டில் எழுதி, உறை மையத்துக்கு வந்தபோது 10.50. அந்த அறையில் இருந்த பிள்ளைகள் பக்கத்து அறையில் எல்லோரும் எழுதிக்கொண்டிருக்க, வெற்று மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கூடுதல் நேரம் கொடுத்தோம். ஆனாலும் அவர்கள் அன்று எழுதிய தேர்வும் மற்றவர்கள் எழுதிய தேர்வும் ஒன்றல்ல.

இதில் தவறு எங்கே நடந்தது? ஆறு மணிக்குத் தரையில் பரப்பிய குவியலில். அது ஏன் அங்கேயே பிடிபடவில்லை? இரண்டாவது பார்வைக்கு நேரம் இல்லை. ஏழாவது மையத்தில் ஏன் பிடிபடவில்லை? அங்கும் நேரம் இல்லை. இரண்டு இடத்திலும் நேரத்தை எடுத்துக்கொண்டது உங்கள் சுற்றறிக்கை. விளக்கம் கேட்டிருப்பதோ மூன்று நிமிடம் மட்டும் கிடைத்தவரிடம்.

உறை மாறுவதைச் சின்ன விஷயமாகவும் நினைக்க வேண்டாம். 2018-ல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் 12-ஆம் வகுப்புப் பொருளியல் தாள் கசிந்து நாடு முழுக்க ஏப்ரல் 25 அன்று மறுதேர்வு வைத்தார்களே, அதில் காவல்துறை சொன்னது என்ன? இமாச்சலத்தின் ஊனாவில் வேறொரு பாடத்தின் கட்டை எடுக்க வங்கிப் பெட்டகத்துக்குப் போனவர், அன்று எடுக்கக் கூடாத பொருளியல் கட்டையும் சேர்த்து எடுத்துவந்தார் என்பதுதான். எடுக்கும் இடத்தில் எண்ணிக்கையையும் தலைப்பையும் இரண்டாவது ஜோடிக் கண் பார்க்கவில்லை என்றால், வெளியே போனது தவறுதலாகவா வேண்டுமென்றா என்பதே யாருக்கும் தெரியாது.

இன்னொரு விஷயம், வண்டியின் தூரம் கூடியதால் வந்தது. கட்டுகளின் வெளிச் சாக்குத்துணியில் வைக்கும் அரக்கு முத்திரை காய்ந்தால் கண்ணாடி மாதிரி, குலுங்கினால் விரிசல் விடும். நீண்ட வழித்தடத்தில் நான்கைந்து கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டு வரும்போது கடைசி மையங்களுக்கு முத்திரை உடையாமல் வந்த நாளே குறைவு என்கிறார்கள். முதல் நாள் விரிசலைப் பார்த்துப் பதறிப் பதிவேட்டில் எழுதினார்கள். "வண்டியில் அப்படித்தான் ஆகும், கையெழுத்துப் போடுங்கள்" என்று பதில் வந்தது. அதன்பிறகு யாரும் எழுதவில்லை. உடைந்த முத்திரை வழக்கமாகிவிட்டால், ஒருவர் நிஜமாகவே உடைத்தாலும் அது அந்த வழக்கத்துக்குள் மறைந்துவிடும். உள்ளே இருக்கும் உறைகளில் ஒட்டும் விளிம்பைப் பிரித்தால் தடம் தெரிகிற மாதிரி நல்ல உறைகளைத்தான் கொடுக்கிறீர்கள், ஆனால் ஒவ்வோர் உறைக்கும் இருக்கும் வரிசை எண் எங்களுக்கு வரும் பட்டியலில் இல்லை. உறையையே மாற்றி வைத்தாலும் எங்களால் கண்டுபிடிக்க முடியாது. அந்த எண்ணை அச்சகம் வைத்திருக்கிறது, உங்களிடம் இருக்கிறது, அதை வாங்கிக் கையெழுத்துப் போடுகிறவரிடம்தான் இல்லை.

இதையெல்லாம் சொன்னால், வினாத்தாளை மின்னணு முறையில் அனுப்பி மையத்திலேயே அச்சிடலாம், வழித்தடமே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதைக் கேட்கவில்லை. 400 பேர் எழுதும் மையத்தில் எட்டுப் பக்கத் தாள் என்றால் 3,200 பக்கம். நிமிடத்துக்கு 40 பக்கம் அடிக்கும் இயந்திரம் இரண்டு இருந்தாலும் 40 நிமிடம், தாள் சிக்காமல், மின்சாரம் போகாமல் இருந்தால். எங்கள் பள்ளிகளில் அந்த இயந்திரமும் இல்லை, அதைக் காக்கும் அறையும் இல்லை. அதற்குப் போவது வேறு விவாதம். இன்று இருக்கும் முறையை ஒழுங்காக நடத்தினாலே போதும், அதற்குத் தேவை இணைத்த வழித்தடத்துக்குத் தேர்வு நாளில் மட்டும் ஒரு வண்டி, ஒரு வழித்தட அலுவலர், ஒரு காவலர் கூடுதலாக.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை. வழித்தட இணைப்புச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். ஒரு வண்டிக்கு நான்கு மையம் என்ற பழைய எண்ணுக்குப் போவதோடு, எந்த மையத்திலும் கட்டு வந்து சேர்வதற்கும் உறைகளைப் பிரித்துக் கொடுப்பதற்கும் நடுவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, கால் மணி நேரத்துக்குக் குறையவும் கூடாது என்று எழுத்தில் வரம்பு வையுங்கள். வழித்தடம் போடுகிறவர்கள் அந்த வரம்பிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடட்டும்.

மையத்துக்கான காவலர் வண்டி வருவதற்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்று காவல்துறைக்கு எழுதுங்கள். பீரோவுக்குப் பதில் தரையோடு பொருத்திய, இரண்டு பூட்டுள்ள சிறு பெட்டகம் ஒன்று மையத்துக்குத் தேவை, ஒரு சாவி முதன்மைக் கண்காணிப்பாளரிடம், ஒன்று துறை அலுவலரிடம். அது வரும் வரை, வினாத்தாள் வைக்கும் அறைக்குக் கதவு ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பதையாவது மையத்தை அங்கீகரிக்கும்போது பாருங்கள். உறைகளின் வரிசை எண்களைப் பெறுகைப் பட்டியலில் அச்சிடுங்கள். பயிற்று மொழியை மூலைக் குறியீடாக இல்லாமல் உறையின் நிறத்திலேயே காட்டுங்கள், அச்சகத்துக்கு இது பெரிய வேலை இல்லை. கடைசி மையம் வரை எல்லோரும் உறைகள் சரி என்று சொல்லும் வரைக்கும் இரண்டு சாவிக்காரர்களும் கட்டுக்காப்பு மையத்தை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு போடுங்கள், அன்று 50 நிமிடம் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம், ஏழாவது மையத்தின் தலைமை ஆசிரியைக்குக் கொடுத்த குறிப்பாணையை ரத்து செய்யுங்கள். விளக்கம் கேட்டே ஆக வேண்டும் என்றால், வண்டி 9.42-க்கு வந்தது என்று பதிவேட்டிலேயே இருக்கிறது, அங்கிருந்து ஆரம்பித்து மேலே போய்க் கேளுங்கள். துணைத்தேர்வுக்கு வழித்தடப் பட்டியல் தயாராகும் முன் இவற்றுக்கு எழுத்துபூர்வமான பதில் வேண்டும், எங்களுக்கு மட்டுமில்லை, எல்லா முதன்மைக் கண்காணிப்பாளர்களுக்கும்.

இப்படிக்கு,
முதல் மையத்தின் துறை அலுவலர்